பந்து பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்; ஆனால் விளையாட வரவில்லை. எட்டு வாரத்தில் நான் எதைக் கற்றுக்கொடுத்தேன்?

வேப்பமர நிழல்

வணக்கம். உதவி பெறும் ஆரம்பப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 38 பிள்ளைகள். எங்களுக்குத் தனியாக பி.டி. மாஸ்டர் கிடையாது, வகுப்பு ஆசிரியரே மைதானத்துக்கும் கூட்டிப் போக வேண்டும். வாரம் இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம்.

இந்த வருடம் அந்த பீரியடை வெறுமனே "போய் விளையாடுங்க" என்று விடக்கூடாது என்று முடிவு செய்து, எட்டு வாரம் பந்து பிடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் வாரமே ஒரு சோதனை வைத்தேன். மூன்று மீட்டர் தள்ளி நின்று, டென்னிஸ் பந்தைக் கீழ்க்கையால் நானே போடுவேன். ஆளுக்குப் பத்து முறை. ஐந்துக்கு மேல் பிடித்தவர்கள் 11 பேர். எட்டாவது வாரம் அதே சோதனையில் 29 பேர். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். சாப்பாட்டு இடைவேளையில் பந்தோடு ஓடுகிறவர்கள் ஆரம்பத்தில் இருந்த அதே ஒன்பது பையன்கள்தான். கூட இரண்டு பேர் சேர்ந்திருக்கலாம், அவ்வளவே. சோதனையில் பத்துக்கு எட்டு பிடித்த ஒரு பெண் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "நீ நல்லா பிடிப்பியே, போகலையா?" என்றேன். "அதான் டெஸ்ட் முடிஞ்சிடுச்சே டீச்சர்" என்றாள்.

அந்தப் பதில் மனதைவிட்டுப் போகவே இல்லை. போன மாதம் ஒரு பயிற்சியில் "பிசிக்கல் லிட்ரசி" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். "உடல் எழுத்தறிவு" என்று மொழிபெயர்த்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள். என் கேள்விக்கும் அதற்கும் ஏதோ தொடர்பு இருப்பது போலத் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரட்டையர் அம்மா

எங்கள் பிள்ளைகள் பள்ளியிலும் இது இருக்கிறது டீச்சர். எலும்புகளின் பெயர், எந்த உணவில் என்ன சத்து, ஏன் பல் தேய்க்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறார்கள். உடம்பைப் பற்றி எழுதப் படிக்கத் தெரிவது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். அதற்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளை விசில்

அம்மா, நீங்கள் சொல்வது ஆரோக்கியக் கல்வி. இது வேறு.

நான் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சுருக்கமாகச் சொல்கிறேன். அ, ஆ தெரியாமல் படிக்க முடியாது. அதுபோல ஓட, தாவ, நொண்ட, எறிய, பிடிக்க, உதைக்கத் தெரியாமல் எந்த விளையாட்டும் வராது. இந்த அடிப்படை அசைவுகள்தான் உடம்பின் அரிச்சுவடி. அதை ஐந்து வயதிலிருந்து பத்து வயதுக்குள் போட்டுவிட வேண்டும். பிசிக்கல் லிட்ரசி என்பது இதற்குப் புதுப்பெயர், வேறொன்றும் இல்லை.

டீச்சரம்மா செய்தது சரியான வேலை. ஆனால் எத்தனை பிடித்தார்கள் என்று மட்டும் எண்ணியிருக்கிறார்கள். எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூன்று விஷயம். பந்து வரும்முன் கை முன்னால், முழங்கை மடங்கி, தயாராக இருக்கிறதா? பந்து நெருங்கும்போது கை அதை நோக்கி நீள்கிறதா? கையால் மட்டும் பிடிக்கிறானா, இல்லை மார்போடு அணைத்துக்கொள்கிறானா? இந்த மூன்றும் வந்துவிட்டால் திறமை ஊறிவிட்டது. ஆசை தானாக வரும். வராவிட்டால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம்.

பனிக்காட்டுத் தமிழன்

கனடாவில், ஒண்டாரியோவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் நான். விசில் ஐயா சொன்னதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்று அடையாளங்களும் தங்கம். ஆனால் "புதுப்பெயர், வேறொன்றும் இல்லை" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தச் சொல்லை இன்றைய பொருளில் வளர்த்தெடுத்தவர் மார்கரெட் வைட்ஹெட். இங்கிலாந்தில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கியவர். 1993இல் மெல்போர்னில் நடந்த ஒரு மாநாட்டில் இதை முன்வைத்தார், 2001இல் விரிவான கட்டுரையாக எழுதினார். அவருடைய கவலை அசைவுகளைப் பற்றியது மட்டும் இல்லை. பள்ளி உடற்கல்வி முழுவதும் நன்றாக விளையாடும் சிலரைச் சுற்றியே சுழல்கிறது, மற்றவர்கள் "எனக்கு இது வராது" என்ற ஒன்றைத்தான் கற்றுக்கொண்டு வெளியே போகிறார்கள் என்பதுதான் அவர் பார்த்தது.

அவர் தத்துவம் படித்தவர், பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பாண்டியின் வழியில் வந்தவர். உடம்பு என்பது மனம் ஓட்டுகிற வண்டி என்று அவர் நினைக்கவில்லை. உலகத்தை நாம் அறிவதே உடம்பால்தான் என்பது அவர் நிலை. அதனால் ஆசை, நம்பிக்கை, உடல்திறன், புரிதல் எல்லாவற்றையும் ஒரே கயிற்றின் இழைகளாகப் பார்த்தார். விசில் ஐயாவின் கணக்கில் திறன் முதலில், ஆசை பிறகு. வைட்ஹெட்டின் கணக்கில் அப்படி வரிசையே கிடையாது. நான்கும் சேர்ந்து வளரும், இல்லையென்றால் சேர்ந்து வாடும்.

இன்னொன்று. அவர் "லிட்ரசி" என்ற சொல்லை எடுத்ததற்குக் காரணம் அரிச்சுவடி இல்லை, வாசிப்பு. வழுக்கும் தரையை, வேகமாக வரும் பந்தை, எதிரில் வருகிற ஆளைப் பார்த்தவுடன் அடுத்து என்ன நடக்கும் என்று உடம்பு படித்துக்கொள்வது. "எழுத்தறிவு" என்ற மொழிபெயர்ப்பில் அது தொலைந்துபோகிறது. அதனால்தான் இரட்டையர் அம்மாவுக்கு நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது.

வேப்பமர நிழல்

நன்றி தம்பி. படிக்கும்போது நன்றாகப் புரிகிறது. ஆனால் திங்கட்கிழமை 38 பேரோடு மைதானத்தில் நிற்கும்போது இது எதை மாற்றும்? "ஆசையை வளர்க்கவும்" என்று பாடத் திட்டத்தில் எழுதி வைத்தால் போதுமா?

கிளித்தட்டு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. டீச்சர், பதில் சொல்வதற்கு முன்னால் உங்களுடைய எட்டு வாரத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? எத்தனை பந்து? பிள்ளைகள் எப்படி நின்றார்கள்? பிடிக்காமல் விட்டால் என்ன நடந்தது? சோதனை நடந்தபோது மற்றவர்கள் எங்கே இருந்தார்கள்?

வேப்பமர நிழல்

நான்கு டென்னிஸ் பந்து. நான்கு வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு பிள்ளை நின்று பந்து போடும். பிடித்தவர் வரிசையின் கடைசிக்குப் போவார். விட்டவர் ஓடிப்போய் எடுத்து வருவார். கடைசிப் பத்து நிமிடம் ஒரு போட்டி வைப்பேன், விட்டவர் அவுட். சோதனையின்போது மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். கைதட்டச் சொல்லியிருந்தேன். உற்சாகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

கிளித்தட்டு

இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. அநேகமான பாடசாலைகளில் இப்படித்தான் நடக்கிறது, நானும் பல வருடம் இப்படித்தான் செய்தேன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 நிமிடத்தில் வெளியே வந்து நிற்க எட்டு நிமிடம், போட்டிக்குப் பத்து. மிச்சம் 22. ஒரு பந்து போட்டு, பிடித்து அல்லது தவறவிட்டு, திரும்ப எடுத்துவர 10 வினாடி என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஆறு. ஒரு வரிசையில் 22 நிமிடத்துக்கு 132 முறை. வரிசையில் ஒன்பது பத்துப் பேர். அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு 14 முறை கிடைக்கும். இதே பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக 19 சோடி ஆக்கி, சோடிக்கு ஒரு பந்து கொடுத்தால் அதே நேரத்தில் ஆளுக்கு அறுபதுக்கும் மேல். பந்துக்குக் காசு வேண்டாம். பழைய சேலைத் துணியை இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டினால் போதும். அது உருண்டு ஓடாது, மேலே பட்டாலும் வலிக்காது.

ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியம், அந்தக் கடைசிப் பத்து நிமிடம். விட்டவர் அவுட் என்றால், யாருக்குப் பழக்கம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் உட்காரும். எட்டு வாரத்தில் பதினாறு வகுப்பு. ஒரு பிள்ளை பதினாறு தரமும் எல்லோருக்கும் முன்னால் முதலாவதாக வெளியே போயிருக்கலாம். அந்தப் பிள்ளை பந்து பிடிக்கவும் கற்றுக்கொண்டது, "பந்து என்றால் நான் வெளியே போகிற இடம்" என்றும் கற்றுக்கொண்டது. இரண்டையும் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம். சோதனைத் தாளில் முதலாவது மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை என்ன மாறும் என்று கேட்டீர்கள். நம்பிக்கையும் ஆசையும் கற்பித்தலோடு கூட வருகிற மனநிலை இல்லை, அவையும் பாடத்தின் உள்ளடக்கம்தான் என்று எடுத்துக்கொண்டால், பாடத்தை அமைக்கிற விதமே மாறிவிடும்.

கிளித்தட்டு

மேலே விட்டுப்போனது ஒன்று. வேப்பமரத்தடிப் பெண்ணைப் பற்றி.

எல்லோரும் அவளுக்குத் திறமை இருக்கிறது, ஆசை இல்லை என்று எடுத்துக்கொண்டோம். எனக்குச் சந்தேகம். நீங்கள் மூன்று மீட்டரிலிருந்து, நேராக, ஒரே வேகத்தில், "ரெடியா?" என்று கேட்டுவிட்டுப் போடுகிறீர்கள். இடைவேளையில் பந்து பக்கத்திலிருந்து வரும், தரையில் பட்டுத் திசை மாறி வரும், இரண்டு பேர் மோதிக்கொண்டு ஓடிவருவார்கள், யாரோ கத்துவார்கள். அங்கே வேண்டியது பனிக்காட்டுத் தம்பி சொன்ன வாசிப்பு. அதை அவள் ஒருநாளும் பழகவில்லை. ஒரே பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளையிடம் புதுப் பத்தியைக் கொடுத்தால் என்ன ஆகும், அதுதான். அவள் சும்மா உட்காரவில்லை, தனக்கு அங்கே என்ன நடக்கும் என்று சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

ஏழெட்டு வயதுக்கு முன்னால் பிள்ளைகள் தங்கள் திறமையைக் கூடுதலாகவே மதிப்பிடுவார்கள். எத்தனை தரம் விட்டாலும் "நான் நல்லாப் பிடிப்பேன்" என்பார்கள். அந்த அறியாமை ஒரு வரம், திரும்பத் திரும்ப முயல வைக்கும். அதன்பிறகு பக்கத்துப் பிள்ளையோடு தன்னை ஒப்பிட்டு உண்மையை அறியத் தொடங்குவார்கள். உங்கள் மூன்றாம் வகுப்பு சரியாக அந்தத் திருப்பத்தில் நிற்கிறது.

வெள்ளை விசில்

கிளித்தட்டு அவர்களே, ஒரே மாதிரிப் பந்து போட்டால் ஒரே மாதிரிதான் பிடிப்பார்கள், அது உண்மை. நாங்களும் உயரமாக, தாழ்வாக, வலது இடது என்று மாற்றிப் போடுவோம்.

ஆனால் நடைமுறையைச் சொல்லுங்கள். 38 பேருக்கு 19 பந்து கொடுத்துவிட்டால் மைதானம் சந்தைக்கடை ஆகிவிடும். நீங்கள் "பிள்ளையே தேர்வு செய்யட்டும்" என்றும் சொல்லப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். தேர்வு கொடுத்தால் பயந்த பிள்ளை ஒரு மீட்டரில் நின்றுகொண்டே வருடத்தை ஓட்டிவிடும். தள்ளிவிட ஒரு கை வேண்டும். என்னிடம் பயந்து பயந்து வந்து, நான் அதட்டி அதட்டி, பிறகு மாவட்ட அணிவரை போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பனிக்காட்டுத் தமிழன்

ஐயா, அந்தப் பிள்ளைகள் போனார்கள் என்பதை நம்புகிறேன். அதட்டியதால் விட்டுவிட்டுப் போனவர்களை நாம் எண்ணியதே இல்லையே. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிளித்தட்டு

விசில் ஐயாவின் கேள்வி நியாயமானது. தேர்வு என்றால் "எங்கே வேண்டுமானாலும் நில்" என்று விட்டுவிடுவது இல்லை. நான் செய்வதைச் சொல்கிறேன்.

சோடிகள் எதிரெதிரே நிற்கும். தரையில் சுண்ணாம்பால் நான்கு கோடு. முதல் கோட்டில் தொடங்கி, இருவரும் சேர்ந்து பந்து கீழே விழாமல் ஆறு தரம் மாற்றினால் ஒரு கோடு பின்னால் போகலாம். மூன்று தரம் தொடர்ந்து விழுந்தால் ஒரு கோடு முன்னால் வரலாம், அல்லது கோட்டை மாற்றாமல் பந்தை மாற்றலாம். பலூன், துணிப்பந்து, கடற்கரைப் பந்து, டென்னிஸ் பந்து என்று நான்கு கூடை. எதை மாற்றுவது என்று அவர்கள் இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். என் வேலை, போய் "ஏன் இதை மாற்றினீர்கள்?" என்று கேட்பது.

எட்டு வயதுப் பிள்ளை "டென்னிஸ் பந்து வேகமாக வருது, கையை நீட்ட நேரம் இல்லை, அதான் துணிப்பந்து எடுத்தோம்" என்று சொன்னால், அது புரிதல். நோட்டில் எழுதுகிற புரிதல் இல்லை, தனக்கு ஏற்றபடி விளையாட்டை மாற்றிக்கொள்கிற புரிதல். இந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் யாரும் சொல்லாமலே தனக்கேற்ற ஒரு விளையாட்டை ஏற்பாடு செய்துகொள்ளும். வரிசையில் நின்று பிடித்த பிள்ளைக்கு அது தெரியாது, ஏனென்றால் தூரம், பந்து, வேகம், துணை எல்லாவற்றையும் நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

ஒரே கோட்டில் நிரந்தரமாக நிற்கிற பிள்ளை இருக்கும். ஆறு தரத்தில் ஆறையும் பிடித்தும் நகராவிட்டால் அது பயம். ஆறில் மூன்று நாலு பிடித்து நின்றால் அது சரியான இடம், தொந்தரவு செய்யாதீர்கள். பயந்த பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். பந்து வரும்போது தலையைத் திருப்பி, கண்ணை மூடினால் கையைத் திருத்திப் பயன் இல்லை. முகத்தில் பட்டு வலித்த அனுபவம் இருக்கும். பலூனுக்குப் போக வேண்டும். பலூன் மெதுவாக வரும், வலிக்காது. கண் திறந்தபிறகுதான் விசில் ஐயாவின் மூன்று அடையாளங்களுக்கு வேலை.

சந்தைக்கடைச் சத்தம் முதல் இரண்டு வாரம் இருக்கத்தான் செய்யும். ஒரே ஒரு பழக்கம் போடுங்கள். கை தட்டினால் பந்தைத் தரையில் வைத்து அதன்மேல் காலை வைப்பது.

ஓடும் கால்கள்

இவ்வளவு சிக்கல் எதற்கு? இன்றைக்குப் பிள்ளைகளின் பிரச்சினை உட்கார்ந்தே இருப்பது. தினமும் 20 நிமிடம் வியர்க்க வியர்க்க ஓடவிட்டால் போதும். இதயத்துக்கும் நல்லது, எடைக்கும் நல்லது. பந்து பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன?

பனிக்காட்டுத் தமிழன்

எங்கள் மாகாணத்தில் கிட்டத்தட்ட நீங்கள் சொன்னதையே 2005இல் விதியாகக் கொண்டுவந்தார்கள் அண்ணா. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டுவரை, பள்ளி நேரத்தில் தினம் குறைந்தது 20 நிமிடம் இதயத்துடிப்பு கூடும்படியான அசைவு. தேவையான விதிதான். ஆனால் அது அன்றைக்கு எவ்வளவு அசைந்தார்கள் என்பதைப் பற்றியது. அந்த 20 நிமிடத்தைப் பாட்டுப் போட்டு ஆடவைத்தும் நிரப்பலாம். பள்ளி முடிந்து, விதி முடிந்து, 25 வயதில் அவன் எதை வைத்து அசைவான்? அதற்கு வேறு ஒன்று கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். மருந்தாக அசைவைக் கொடுப்பதும் மொழியாகக் கொடுப்பதும் ஒன்று இல்லை என்று நினைக்கிறேன்.

ஓடும் கால்கள்

மருந்து சாப்பிடாமல் மொழி பேச உயிரோடு இருக்க வேண்டுமே. 20 நிமிடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரட்டையர் அம்மா

நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். இப்போது படித்துக்கொண்டு வரும்போது வேறு ஒன்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

என் இரட்டையரில் ஒருவனுக்கு வலது காலும் வலது கையும் பலம் குறைவு, பிறந்ததிலிருந்தே. நடப்பான், மெதுவாக ஓடுவான். முன்பு படித்த பள்ளியில் பி.டி. பீரியடில் அவனுக்கு ஸ்கோர் எழுதும் வேலை. ஆசிரியர் அன்பாகத்தான் செய்தார், அடிபட்டுவிடக் கூடாது என்று. மூன்று வருடம் ஸ்கோர் எழுதினான். இப்போது தெருவில் அவன் அண்ணன் கூப்பிட்டாலும் "நான் எண்ணுறேன், நீங்க விளையாடுங்க" என்கிறான். பத்து நிமிடம் மூத்தவன்தான் அந்த அண்ணன். உங்கள் மூன்று அடையாளம், நான்கு கோடு இதிலெல்லாம் என் மகன் எங்கே நிற்பான்? இரண்டு கையால் பிடிக்க அவனால் முடியாது.

கிளித்தட்டு

அக்கா, இந்த இழையில் வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது.

வைட்ஹெட் இதை நேராகவே யோசித்தவர். ஒவ்வொருவரும் தனக்குக் கிடைத்த உடம்பை வைத்து எவ்வளவு தூரம் போகிறார் என்பதுதான் அளவு, வயதுக்கான பட்டியலோ பக்கத்துப் பிள்ளையோ இல்லை. அதனாலே "மதிப்பெண்" என்பதைவிட "பயணத்தைக் குறித்துவைப்பது" என்றே இந்தக் கருத்தோடு நிற்பவர்கள் பேசுவார்கள்.

மைதானத்தில் அதற்கு அர்த்தம் இது. "இரண்டு கையாலும் பிடி" என்பதைப் பாடத்தின் நோக்கமாக எழுதாமல், "வருகிற பந்தை உன் வசமாக்கி, துணைக்குத் திருப்பிக் கொடு" என்று எழுத வேண்டும். உங்கள் மகன் இடது கையால் தடுத்து மார்போடு அணைக்கலாம். விசில் ஐயாவின் பட்டியலில் அது குறை. அவனுக்கு அதுதான் தேர்ச்சி. துணிப்பந்து துள்ளாது, அதனால் அணைக்க எளிது. தரையில் உருட்டி வந்தால் காலால் நிறுத்தலாம். அந்தச் சோடியில் இரண்டு பேரும் ஆறு மாற்று முடித்தால் அவர்களும் கோடு தாண்டுவார்கள். மற்றப் பிள்ளைகள் அவனுக்கேற்றபடி பந்து போடப் பழகுவார்கள், அதுவும் ஒரு திறன்.

அடிபடக் கூடாது என்ற அன்பு அவனுக்கு "நீ ஆடுகிறவன் இல்லை, எண்ணுகிறவன்" என்று மூன்று வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதை மாற்ற நாள் எடுக்கும். தெருவில் தொடங்காதீர்கள். வீட்டுக்குள் அண்ணனோடு மட்டும், பலூனோடு, யாரும் எண்ணாமல்.

வெள்ளை விசில்

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று பதில் எழுத முடியவில்லை. என்னிடமும் ஸ்கோர் எழுதிய பிள்ளைகள் இருந்தார்கள்.

கையால் மட்டும் பிடிப்பது எல்லோருக்கும் ஒரே அடையாளம் என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். மற்றபடி, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த மூன்றையும் பார்த்துச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். தானாகவே வந்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. எறிவதும் பிடிப்பதும் தானாக வராது. வீட்டில் பந்து கிடைக்காத பெண் பிள்ளைகளுக்கு நிச்சயம் வராது.

பனிக்காட்டுத் தமிழன்

கடைசி வரிக்குக் கை குலுக்குகிறேன் ஐயா. ஆசை நம்பிக்கை என்று பேசிப் பேசி, கற்பிப்பதையே விட்டுவிடுகிற ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. "மகிழ்ச்சியாக இருந்தார்கள்" என்று எழுதிவிட்டுப் போகிற வகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன்.

அளப்பதில் உள்ள சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளின் பிசிக்கல் லிட்ரசியை அளக்க ஓர் அளவுகோல் உருவாக்கியிருக்கிறார்கள், காப்ல் என்று சொல்வோம். மொத்தம் 100. இப்போதைய வடிவத்தில் உடல்திறனுக்கு 30, அன்றாடம் எவ்வளவு அசைகிறார்கள் என்பதற்கு 30, ஆசைக்கும் நம்பிக்கைக்கும் 30, அறிவுக்கு 10. உடல்திறனில் ஒரு தடை ஓட்டம் உண்டு. வளையத்துக்குள் இரண்டு காலால் தாவி, பக்கவாட்டில் சறுக்கி, பந்தைப் பிடித்து எறிந்து, துள்ளி, நொண்டி, கடைசியில் உதைக்க வேண்டும். எப்படிச் செய்தான் என்பதற்கு 14 புள்ளி, எவ்வளவு வேகமாக முடித்தான் என்பதற்கு 14 வரை. வரிசையில் நின்று தனித்தனியாகச் செய்வதைவிட இது உண்மையான விளையாட்டுக்குக் கொஞ்சம் நெருக்கம்.

ஆசைக்குப் புள்ளி கொடுக்கத் துணிந்ததே பெரிய மாற்றம். ஆனால் கூட்டிப் பாருங்கள். உடல்திறனில் 27, ஆசையில் 9 வாங்கிய பிள்ளையும், அதைத் தலைகீழாக வாங்கிய பிள்ளையும், மற்றது ஒன்றானால், ஒரே மொத்தத்தில் நிற்பார்கள். முதல் பிள்ளை நம் வேப்பமரத்தடிப் பெண். இருவருக்கும் திங்கட்கிழமை வேண்டியது முற்றிலும் வேறு. கயிற்றை இழை இழையாகப் பிரித்து எடைபோட்டுக் கூட்டுவதை வைட்ஹெட்டின் வழியில் நிற்பவர்கள் ஏற்பதில்லை. அளக்காவிட்டால் அரசாங்கம் நேரமும் பணமும் தராது என்பது மற்றவர்கள் பதில். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது.

வெள்ளை விசில்

நம் ஊரில் அந்தச் சண்டைக்கே இடமில்லை தம்பி. மத்திய அரசின் கேலோ இந்தியா பள்ளிச் சோதனையில் சின்ன வகுப்புகளுக்கு மூன்றுதான். உயரம் எடை, ஒற்றைக்காலில் ஒரு நிமிடம் நிற்பது, இரண்டு வட்டத்தைக் கையால் மாறி மாறி 25 சுற்று தட்டுவது. பந்தும் இல்லை, ஓட்டமும் இல்லை, ஆசையும் இல்லை. சோதனையில் இல்லாததை மைதானத்தில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

வேப்பமர நிழல்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

துணிப்பந்து 20 செய்தோம், பிள்ளைகளே சுற்றினார்கள். அவுட் போட்டியை நிறுத்தினேன். அந்த ஒன்பது பையன்களுக்கு அது பிடிக்கவில்லை, இரண்டு பேர் வீட்டில் போய்ச் சொல்லி ஒரு அப்பா வந்து கேட்டார். இப்போது வாரத்தில் ஒருநாள் கடைசி ஐந்து நிமிடம் போட்டி உண்டு, விரும்பியவர்களுக்கு மட்டும். சரியா தப்பா தெரியவில்லை.

கோடு முறை மூன்றாவது வாரம்தான் ஓடத் தொடங்கியது. நான்கு சோடிகள் பேசவே இல்லை, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டார். ஐந்து பிள்ளைகள் கண்ணை மூடுவதை இப்போதுதான் பார்த்தேன். இரண்டு சோதனையிலும் நானே பந்து போட்டிருக்கிறேன், பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். அதில் நான்கு பேர் பலூனிலிருந்து துணிப்பந்துக்கு வந்துவிட்டார்கள். ஒரு பையன் இன்னும் பலூனில் இருக்கிறான்.

பழைய சோதனையைத் திரும்ப வைத்தேன், இந்த முறை தனியாகக் கூப்பிட்டு. ஐந்துக்கு மேல் பிடித்தவர்கள் 27. இரண்டு குறைந்திருக்கிறது. டென்னிஸ் பந்தைக் குறைவாகத் தொட்டார்கள், அதனால் இருக்கலாம். தலைமை ஆசிரியர் அந்த எண்ணைத்தான் கேட்டார்.

இடைவேளையில் எண்ணினேன். மூன்று நாள் எண்ணியதில் 17, 14, 19 பேர். எல்லோரும் பந்து விளையாடவில்லை. அந்த வேப்பமரத்தடிப் பெண் எங்கள் துணிப்பந்து ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், ஆறு பேரைச் சேர்த்து ஏழாங்கல் ஆடினாள். அவள் பந்து எறியவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. கல் அடுக்குவதும், அடுக்கிவிட்டுத் தப்பி ஓடுவதும்தான். எதிர்ப்பக்கம் எறியும் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல், குனிந்து விலகி, அவ்வளவு அழகாகத் தப்பினாள்.

இதை என் முன்னேற்ற அட்டையில் எங்கே எழுதுவது? "பந்து பிடித்தல்" என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது.

கிளித்தட்டு

அந்தக் கட்டத்தில் எண்ணைப் போடுங்கள். பின்பக்கத்தில் தேதி போட்டு, நீங்கள் இப்போது எழுதிய நாலு வரியை அப்படியே எழுதுங்கள்.

வெள்ளை விசில்

38 அட்டைக்குப் பின்பக்கம் எழுத எந்த ஆசிரியருக்கு நேரம் இருக்கும்?

வேப்பமர நிழல்

வாரத்துக்கு ஐந்து பேர் வீதம் எழுத முடியுமா என்று பார்க்கிறேன் ஐயா. ஒரு சுற்று முடிய எட்டு வாரம் ஆகும். இன்று மூன்று பேருக்கு எழுதினேன். பலூன் பையனிடமிருந்து ஆரம்பித்தேன்.